செருப்புக்கு வெளியே விரலும் குதிகாலும் எவ்வளவு நிற்கலாம்?

வாசகர் கேள்வி

"வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். வயது 48. ஆறு வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டிலிருந்து மையத்துக்குப் பாதி தூரம் வரப்பு, பாதி தூரம் தார்ச்சாலை, நடந்துதான் போகிறேன். கும்பகோணத்தில் 6-ஆம் எண்ணில் இரண்டு ஜோடி வாங்கினேன். ரப்பர் செருப்பில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் முன்னால் வெளியே நிற்கிறது. பின்னால் இடம் கிடக்கிறது. பட்டை வைத்த சாண்டலில் முன்னால் இடம் இருக்கிறது. குதிகால் பின்பக்க மேட்டின் மேல் ஏறி நிற்கிறது. கடைக்காரர், 'எண் சரிதான், போடப் போட ரப்பர் இளகிவிடும்' என்கிறார். மாமியார், 'பெரிய செருப்பு வரப்பில் தட்டும், சின்னதே மேல்' என்கிறார். மகள் 7-ஆம் எண் வாங்கச் சொல்கிறாள். எவ்வளவு வெளியே நிற்கலாம்? இவற்றை வைத்துக்கொள்ளலாமா? காலைத் தாளில் வரைந்து, செருப்புகளின் அளவுகளையும் எழுதி இணைத்திருக்கிறேன்."

பாத நல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்த செருப்பு எதுவானாலும், விரல் நுனி அதன் முன் விளிம்பைத் தாண்டக் கூடாது. நுனிக்கு முன்னால் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை தளம் மிச்சம் இருக்க வேண்டும். குதிகாலுக்கு விதி இவ்வளவு கடுமையானதன்று. பின் விளிம்பு உயராத தட்டைச் செருப்பில், பாதத்தில் உணர்ச்சி குறையாத ஒருவருக்கு, குதிகாலின் சதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் பிதுங்கி நிற்பதை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பின் விளிம்பு மேடாக உள்ள செருப்பில் அந்தச் சலுகை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு எந்தச் செருப்பிலும் இல்லை. இந்தக் கணக்கில் உங்கள் இரண்டு ஜோடிகளுமே உங்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் பொருந்தாததற்கான காரணம் இரண்டிலும் வேறு வேறானது. சாண்டலுக்கு உங்கள் மகள் சொல்லும் வழி சரியாக வரும். ரப்பர் செருப்பில் எத்தனை எண் கூட்டினாலும் உங்கள் குறை தீராது. அது ஏன் என்பதுதான் உங்கள் கடிதத்தில் நான் அதிகம் விளக்க வேண்டிய பகுதி.

அதற்கு முன், விரலுக்கு ஒரு விதியும் குதிகாலுக்கு வேறு விதியும் ஏன் என்று பார்ப்போம். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழுந்த பிறகு, உடலின் எடை முழுவதும் முன்பாதத்துக்கும் விரல்களுக்கும் வந்து சேர்கிறது. விரல் நுனிகள் தரையை அழுத்தி உந்தும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் நுனிக்குக் கீழே தளம் இல்லாவிட்டால், விரல் விளிம்பின் மேல் மடிந்து அதைப் பற்றிக்கொள்ளப் பார்க்கிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் நுனியின் அடியில் தோல் தடித்துக் காய்ப்பு உண்டாகும். விரல் மெல்ல மெல்ல வளைந்த நிலையிலேயே நிற்கப் பழகிவிடும். இத்துடன், சாலையில் துருத்திய கல்லிலும் வாசற்படியிலும் செருப்பு இடிப்பதற்கு முன் நகம் இடிக்கும்.

குதிகாலின் அமைப்பு வேறு. குதிகால் எலும்பு தோலின் பின் எல்லை வரை வருவதில்லை; எலும்பைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெத்தை இருக்கிறது. எடை ஏறும்போது அது நசுங்கிப் பக்கவாட்டிலும் பின்னாலும் விரிகிறது. நீங்கள் நின்றுகொண்டு பார்க்கும்போது வெளியே தெரியும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரும்பாலும் இந்த விரிந்த சதைதான். எலும்பின் எடை தளத்துக்குள்ளேயே இறங்குகிறது. அதற்கு மேல் வெளியே போனால், செருப்பின் விளிம்பு அந்த மெத்தையின் நடுவில் பதிந்து அழுத்தத் தொடங்குகிறது. குதிகாலின் பின் ஓரத்தில் பிறை வடிவத்தில் தோல் தடிப்பதும், தடித்த தோல் காய்ந்து பிளப்பதும் இதன் தொடர்ச்சி. பித்தவெடிப்பு என்று களிம்பு கேட்டு வரும் பலரிடம் நான் முதலில் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெடிப்பு இருக்கும் இடமும் செருப்பின் விளிம்பு பதியும் இடமும் ஒன்றாக இருந்தால், செருப்பை மாற்றாமல் களிம்பு மட்டும் போட்டுப் பயனில்லை.

ரப்பர் செருப்பில் எண் ஏன் ஏமாற்றுகிறது

மூடிய ஷூவில் கால் முன்னும் பின்னும் சற்று நகர்ந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். விரல்களுக்கு இடையில் தண்டு வரும் செருப்பில் அது முடியாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு அந்தத் தண்டில் போய் நிற்கும். அதற்கு மேல் கால் முன்னேறாது. ஆகவே இந்தச் செருப்பில் பாதத்தின் மொத்த நீளத்தைப் பார்த்தால் போதாது. இடுக்கிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம் ஒன்று, இடுக்கிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம் மற்றொன்று. இரண்டும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும்.

உங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். பெரிய கால் வலது. நீளம் 246 மி.மீ. உங்களுக்கு நீளமான விரல் கட்டைவிரலன்று, அதற்கு அடுத்தது. பலருக்கு அப்படித்தான், குறையொன்றும் இல்லை. ஆனால் அளவை எப்போதும் நீளமான விரலிலிருந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் இடுக்கிலிருந்து அந்த விரல் நுனிக்கு 58 மி.மீ.; இடுக்கிலிருந்து குதிகால் பின்புறத்துக்கு 188 மி.மீ. செருப்பில், தண்டின் பின்பக்கத்திலிருந்து முன் விளிம்புக்கு 53 மி.மீ., பின் விளிம்புக்கு 199 மி.மீ. மொத்தம் 252. உங்கள் பாதத்தைவிடச் செருப்பு 6 மி.மீ. நீளமாக இருக்கிறது, ஆகவே எண் சரிதான் என்று கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த நீளம் உங்களுக்கு வேண்டிய இடத்தில் இல்லை. முன்னால் விரல் 5 மி.மீ. வெளியே நிற்கிறது, பின்னால் 11 மி.மீ. சும்மா கிடக்கிறது.

இப்போது மகள் சொன்னபடி 7-ஆம் எண்ணுக்குப் போனால் என்ன ஆகும்? நம் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது பிரிட்டன் எண் முறை. அதில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. ஒரே மாதிரியில் எண் கூடும்போது செருப்பு எல்லாப் பக்கமும் விகிதப்படி வளரும். தண்டுக்கு முன்னால் உள்ள பகுதி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே கூடும் 8.5-இல் முன்னால் போய்ச் சேருவது 2 மி.மீ.கூட வராது. மீதி ஆறரை மில்லிமீட்டரும் பின்னால் சேரும். விரல் இன்னும் 3 மி.மீ. வெளியேதான் நிற்கும், பின்னால் மிச்சம் 17 அல்லது 18 மி.மீ. ஆகிவிடும். 8-ஆம் எண்ணில்கூட விரல் முழுதாக உள்ளே வராது. பின்பகுதியோ துடுப்பு மாதிரி நீண்டுவிடும்.

அந்த நீட்சி உங்கள் மாமியார் பயப்படும் இடம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பின்னால் 10 மி.மீ. வரை மிச்சம் இருப்பதால் தீங்கில்லை. 15-ஐத் தாண்டினால், காலைத் தூக்கும்போது செருப்பின் வால் தாமதமாக எழுந்து அடிக்கும்; மழையில் சேற்றை முதுகு வரை தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர் வரப்புக் களிமண்ணில் அந்த வால் ஒட்டிக்கொண்டால், செருப்பைக் கழன்றுபோகாமல் பிடிக்க விரல்கள் மடங்கித் தண்டை இறுக்கும். இடுக்கில் தோல் உரியும். முன்னால் 15 மி.மீ.க்கு மேல் நீண்டால் படியேறும்போது நுனி தடுக்கும். ஆனால் இதற்கு மாற்றாகச் சின்னச் செருப்பே மேல் என்று அவர் முடிப்பதை நான் ஏற்க மாட்டேன். சின்னச் செருப்பில் தடுக்குவது ரப்பர் அன்று, விரல்.

கடைக்காரர் சொன்ன இளகுதலைப் பற்றியும் ஒரு சொல். ரப்பர் செருப்பில் இளகுவது மேலே உள்ள வார், தளம் நீளாது. வார் இளகினால் பாதம் இன்னும் முன்னால் சறுக்கி, இடுக்கு தண்டில் அழுத்தமாக உட்காரும். ஆகவே நாளாக ஆக விரல் உள்ளே வராது. வெளியே போகத்தான் வாய்ப்பு அதிகம். எடை குறைந்த நுரைத் தளம் கொண்ட செருப்புகளில் இன்னொன்றும் உண்டு: சித்திரை வெயிலில் வாசலில் நாள் முழுக்கக் கிடந்தால் அவற்றின் தளம் சுருங்கக்கூடும். வாங்கும்போது நுனிக்கு நுனி சரியாக இருந்த ஜோடி ஒரு கோடைக்குப் பிறகு குட்டையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நிழலில் விடுங்கள்.

ஆகவே இந்த வகைச் செருப்பில் உங்களுக்கு வேண்டியது வேறு மாதிரி. அதாவது தண்டு சற்றுப் பின்னால் தள்ளி வைக்கப்பட்ட செருப்பு. தண்டின் பின்பக்கத்திலிருந்து முன் விளிம்புக்குக் குறைந்தது 63 மி.மீ. இருக்க வேண்டும், பின் விளிம்புக்கு 188 முதல் 198 வரை இருக்கலாம். ஒரே எண்ணில் வெவ்வேறு தயாரிப்புகளில் தண்டின் இடம் மாறும். எண்ணைக் கேட்டு வாங்காமல் அளந்து வாங்கினால் இது கிடைக்காத பொருள் அன்று.

பட்டைச் சாண்டலின் கதை வேறு

இங்கே இடுக்கைத் தடுக்கும் தண்டு இல்லை. தளத்தின் மொத்த நீளம் 251 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பின்பக்கத்து மேடு மட்டும் 5 மி.மீ. அகலம். மேட்டின் மேல் கால் வைக்கக் கூடாது என்பதால், உண்மையில் பாதத்துக்குக் கிடைக்கும் இடம் 246 மி.மீ. உங்கள் பாதமும் 246. நீங்கள் நிற்கும் நிலையில் முன்னால் 6 மி.மீ. மிச்சம் இருப்பதால், குதிகால் மேடு முழுவதையும் மூடி அதற்கு அப்பாலும் ஒரு மில்லிமீட்டர் போகிறது.

தட்டைச் செருப்பில் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்பது ஒன்றுமே இல்லை. இங்கே அது பெரிய விஷயம். ஏனென்றால் எடை விழும் இடத்தின் கீழ் ஒரு வரம்பு இருக்கிறது. கிண்ணம் போலக் குழிந்த பின்பகுதி குதிகால் மெத்தையைச் சுற்றி அணைத்து, அது விரியாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது. குதிகால் அதற்குள் இறங்கினால் நல்ல அமைப்பு. அதன் உதட்டில் உட்கார்ந்தால், தட்டைச் செருப்பைவிட மோசமாகிவிடும். ஆகவே பின் விளிம்பு உயர்ந்த செருப்புகளில் எனக்கு ஏற்புடைய அளவு சுழியம். முடிந்தால் மேட்டின் உள் ஓரத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி.

முன்னால் இடம் இருந்தும் கால் ஏன் முன்னேறவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் வரைந்தனுப்பிய கோட்டில் முன்பாதம் நல்ல அகலம். முன்பட்டையைக் கடைசி வரை இழுத்து ஒட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அகலமான பாதம் அந்த இறுக்கமான பட்டையில் ஆப்பாக மாட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றுவிடுகிறது. பட்டையைத் தளர்த்தினால் கால் 6 மி.மீ. முன்னேறும், குதிகால் குழிக்குள் இறங்கும். ஆனால் அப்போது விரல் நுனி முன் விளிம்பில் சரியாக வந்து நிற்கும். வரப்பிலிருந்து வாய்க்காலுக்கு இறங்கும்போது கால் சற்றே சறுக்கினாலும் விரல் வெளியே போய்விடும். ஆகவே பட்டையைத் தளர்த்துவது தீர்வு ஆகாது.

அதே சாண்டலின் 7-ஆம் எண்ணில் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 254 மி.மீ. ஆகும். முன்னால் 5 அல்லது 6, பின்னால் 2 அல்லது 3 மி.மீ. என்று மிச்சம் பிரிந்து நிற்கும். பட்டையின் சுற்றளவும் சேர்ந்து கூடுவதால் அகலத்துக்கும் இடம் கிடைக்கும். உங்கள் மகளின் யோசனை இந்த ஜோடிக்கு மிகச் சரி. குதிகாலுக்குப் பின்னால் வரும் வாரையும் இறுக்கிக்கொள்ள முடிவதால், கூடுதல் எண் என்பதற்காகச் செருப்பு கழன்று தட்டாது. இடது கால் 4 மி.மீ. சிறியது என்பதால் அதில் கொஞ்சம் அதிக இடம் தெரியும்; அதை வாரால் சரிசெய்துகொள்ளலாம். பெரிய காலுக்குப் பொருந்த வாங்கிச் சிறிய காலுக்கு இறுக்க முடியும். மாறாகச் செய்ய வழியில்லை.

அகலம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீளத்தில் சரியாக இருந்து, சுண்டுவிரல் பக்கவாட்டில் தளத்தை விட்டு இறங்கி நிற்கும் செருப்புகள் மிக அதிகம். அதற்கு எந்தச் சலுகை அளவும் நான் வைத்திருக்கவில்லை. சுண்டுவிரலின் அடி எலும்பு எடை தாங்கும் இடம், அது தளத்தின் மேல்தான் இருக்க வேண்டும். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தபோது, இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்பது தெரிந்தது. நாம் புழங்கும் எண்கள் வேறு நாட்டுப் பாதங்களை வைத்து வந்தவை. ஆகவே கடையில் எந்த எண்ணும் சரியாக வரவில்லை என்றால், உங்கள் காலில் ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அளவெடுக்கும் முறை

உங்கள் அளவுகளை நீங்கள் காலையில் உட்கார்ந்து எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன கணக்குக்கு அவற்றையே வைத்துக்கொண்டேன். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு முறை மாலையில் நின்று எடுத்துப் பாருங்கள். எடை ஏறும்போது பாதம் சில மில்லிமீட்டர் நீளும், அகலும். நாள் முழுக்க நின்ற பிறகு வீக்கமும் சேரும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களுக்குக் கணுக்கால் வீக்கம் இன்னும் கூடுதலாக இருக்கலாம். புதிய அளவு 246-ஐவிடக் கூடினால், நான் சொன்ன எல்லா எண்களிலும் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுவரோரம் ஒரு கெட்டி அட்டையைப் போட்டு, குதிகால் சுவரைத் தொட, இரண்டு கால்களிலும் எடை சமமாக இருக்க நில்லுங்கள். நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். மகளை வரையச் சொல்லுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பிறகு கட்டைவிரல் இடுக்கில் பென்சிலை நேராக இறக்கி அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அந்தக் கோட்டின்படி அட்டையைக் கத்தரித்து, முன் ஓரத்திலிருந்து அந்தப் புள்ளி வரை தண்டு நுழையும் அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டிக்கொண்டால், கடைக்கு எடுத்துப் போக உங்கள் பாதமே கையில் இருக்கும். ரப்பர் செருப்பின் தண்டு அந்தப் பிளவுக்குள் போகுமாறு அட்டையைத் தளத்தில் வைத்தால், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்ணைப் பற்றிய விவாதமே வேண்டியதில்லை.

செருப்பை அளக்கும்போது கால் படும் மேல்தளத்தில் அளக்க வேண்டும். பல சாண்டல்களின் அடிப்பகுதி வெளியே அகன்று விரிந்திருக்கும். அடியைத் திருப்பி அளந்தால் 5 மி.மீ.க்கு மேலும் பொய்யாகக் கூடிவிடும். செல்போனில் பார்த்து வரவழைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அளவு அட்டவணையில் சில நிறுவனங்கள் பாதத்தின் நீளத்தைத் தருகின்றன, சில செருப்புத் தளத்தின் நீளத்தைத் தருகின்றன. 246 என்று போட்டிருப்பது தளத்தின் நீளம் என்றால் அது உங்களுக்குக் குட்டை.

உங்கள் பழைய செருப்பையும் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வையும் எடையும் பதிந்து விரல்களின் தடம் கருமையாகத் தெரியும். விரல் தடம் முன் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தால் நீங்கள் வெகுநாளாகவே விரல் வெளியே நிற்க நடந்திருக்கிறீர்கள். பின் விளிம்பு மட்டும் நசுங்கிச் சரிந்திருந்தால் குதிகால் விளிம்பில் நின்றிருக்கிறது. கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பதைவிட இந்தத் தடம் உண்மையைச் சொல்லும்.

சர்க்கரை நோய் இருப்பதால் மாறும் கணக்கு

ஆறு ஆண்டுகள் என்பது பாத நரம்புகளின் உணர்ச்சி குறையத் தொடங்கியிருக்கக்கூடிய காலம். உங்களுக்குக் குறைந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பார்க்க வேண்டும் என்கிறேன். உணர்ச்சி உள்ளவருக்கு விளிம்பு அழுத்தினால் வலிக்கும். அவர் தாமாகவே காலை நகர்த்திக்கொள்வார், செருப்பை மாற்றுவார். நான் மேலே சொன்ன இரண்டு மூன்று மில்லிமீட்டர் சலுகை அந்த வலியை நம்பித்தான் கொடுக்கப்படுகிறது. வலி சொல்லாத காலில் அதே விளிம்பு பல நாட்கள் ஒரே இடத்தில் பதிந்து, தடித்த தோலுக்கு அடியில் புண்ணாகும் வரை யாருக்கும் தெரியாது.

வீட்டில் ஒரு எளிய சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். மகள் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, இரண்டு கால்களிலும், ஒழுங்கு மாற்றி மாற்றி, அழுத்தாமலும் தட்டாமலும் ஓரிரு நொடி மட்டும் தொடட்டும். தொட்டது தெரியும்போதெல்லாம் இடது, வலது என்று சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஆறும் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவமனையில் நைலான் இழையால் செய்யும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். மாத்திரை வாங்கும் இடத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

உணர்ச்சி குறைந்திருந்தால், தண்டு வைத்த ரப்பர் செருப்பை, எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும், வெளியே நடக்கப் பயன்படுத்தக் கூடாது. இடுக்கில் தண்டு உரசும் இடமும், கழலாமல் பிடிக்க விரல் மடங்கும் பழக்கமும் அந்தப் பாதத்துக்கு ஆபத்து. நெருஞ்சி முள் தளத்தைத் துளைத்து உள்ளே வந்தாலும் தெரியாது. அப்போது உங்களுக்கு ஏற்றது எம்.சி.ஆர். செருப்பு என்று நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த, மென்மையான நுண்துளை ரப்பர் உள்தளமும் கெட்டியான அடித்தளமும் பின்வாரும் கொண்ட செருப்பு. அதைச் செய்து தருபவரிடமும் இதே அட்டையைக் கொடுத்து, முன்னால் 5 முதல் 10 மி.மீ., பின்னால் 3 முதல் 5 மி.மீ. தளம் மிச்சம் இருக்குமாறு கேளுங்கள்.

இந்த இரண்டு ஜோடிகளை என்ன செய்வது

சாண்டலை இன்னும் வெளியே போடவில்லை என்றால் பில்லுடன் கொண்டுபோய் 7-ஆம் எண் கேளுங்கள். அளவு பொருந்தாததைப் பழுதான பொருள் என்று வாதிட முடியாது; மாற்றித் தருவது பெரும்பாலும் கடையின் வழக்கத்தைப் பொறுத்தது. ஆகவே இனி எந்தச் செருப்பையும் முதல் நாள் பாய் மேல் மட்டும் போட்டு நடந்து பாருங்கள். அடி அழுக்காகாத செருப்பைக் கடைக்காரர் தயங்காமல் எடுத்துக்கொள்வார். மாற்ற முடியவில்லை என்றால், அந்தச் சாண்டலை நீங்கள் போடாமல், பாதம் ஒரு சென்டிமீட்டர் சிறிய யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. பணம் போய்விட்டதே என்று அதைப் பழக்கிக்கொள்ள முயல வேண்டாம்.

ரப்பர் செருப்பை, தொடு சோதனையில் ஆறும் தெரிந்தால், வீட்டுக்குள் குளியலறைக்கும் கொல்லைப்புறத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வரப்புக்கும் சாலைக்கும் வேண்டாம். சோதனையில் குறை தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

புதிய செருப்பு எதுவானாலும் முதல் வாரம் ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம் போட்டுக் கழற்றி, விரல் நுனி, கட்டைவிரல் இடுக்கு, குதிகாலின் பின் ஓரம் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். கழற்றிய அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்புத் தடம் மறையாமல் இருந்தால் அந்த இடத்தில் செருப்பு பொருந்தவில்லை. கொப்புளம், நகத்துக்கு அடியில் கறுப்பு, வெடிப்பிலிருந்து நீர் கசிவது, ஒரு கால் மற்றதைவிடச் சூடாகவோ வீங்கியோ இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; போகும்போது அந்தச் செருப்பையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.